இடைவெளியை முதலில் எழுது

தம்பி, நம் திருமங்கலத்தில் மாலைத் தியானத்துக்குப் பெரியவர்கள் வருவார்கள். விடுமுறைக்கு ஊர் வந்த பேரப்பிள்ளைகளும் கூடவே உட்காருவார்கள். அவர்களுக்குத் தமிழ், இவர்களுக்கு ஆங்கிலம். இரு தரப்புக்கும் வழிநடத்தும் உரையை எழுதப் போகிறாய். இந்த ஐந்தையும் மனதில் வை.

1. சொல்லுக்கு முன் மூச்சை எழுது. உள்ளே 4 நொடி, வெளியே 6 நொடி என்றால் ஒரு மூச்சுக்கு 10 நொடி, நிமிடத்துக்கு 6 மூச்சு. அந்த இடைவெளிகளைத் தாளில் குறித்துவிட்டு, மிஞ்சும் இடத்தில் மட்டும் பேசு. தெரிந்ததையெல்லாம் சொல்லும் ஆசையை அடக்கியவனுக்கே இந்த வேலை கைகூடும்.

2. தமிழில் வினை கடைசியில் வரும். வாக்கியம் முடிந்த பிறகுதான் கேட்பவர் மூச்செடுப்பார். ஆங்கிலத்தில் 'ப்ரீத் இன்' என்றதுமே தொடங்கிவிடுவார். அதற்குமேல் நீ பேசினால் அது அவர் மூச்சின் மீது விழும். ஆகவே மூக்கு, வயிறு பற்றிய விளக்கத்தை முன்பே முடித்துவிட்டு, இப்படிச் சுருக்கமாக எழுது:

மூச்சு உள்ளே வரட்டும் [4 நொடி]
மெல்ல வெளியே போகட்டும் [6 நொடி]

ப்ரீத் இன் [4 நொடி]
ப்ரீத் அவுட் [6 நொடி]

3. ஒரே மூச்சுக்கு இரண்டு மொழியிலும் கட்டளை இடாதே. இரண்டும் தெரிந்த ஓர் அம்மா ஒருநாள் கேட்டார்: "தமிழுக்கு ஒரு தடவை இழுத்தேன், இங்கிலீஷுக்கும் இழுத்தேன், எப்போ தம்பி விடுறது?" அன்றுமுதல் விளக்கத்தையும் அந்தச் சுருக்க வரிகளையும் இரு மொழியிலும் முதலில் சொல்லிவிடுவோம். மூச்சுக்கு மணி மட்டும்தான்: உள்ளே ஒன்று, வெளியே இரண்டு.

4. திருமூலர் பூரகத்துக்கு 16, கும்பகத்துக்கு 64, இரேசகத்துக்கு 32 மாத்திரை வகுத்தார். அது குருவின் அருகிலிருந்து பழகுபவர்க்கு உரியது. உன் முன்னே இரத்த அழுத்தக்காரரும் இருப்பார், கர்ப்பிணியும் இருப்பார். ஆழம் தெரியாமல் காலை விடாதே. பொது உரையில் மூச்சை அடக்கச் சொல்லாதே. 'சிரமமாக இருந்தால் இயல்பான மூச்சுக்குத் திரும்புங்கள்' என்ற வரியைத் தொடக்கத்திலும் நடுவிலும் வை.

5. எழுதியதைப் பதிவுசெய்து, கண்மூடி நீயே பின்பற்றிப் பார். பிறகு இரண்டு பேரை உட்காரவைத்துக் கவனி. வெளிமூச்சு முடியும் முன்பே அடுத்த மணி ஒலித்தால் தோள் தூக்கும், வாய் திறக்கும். 1 நொடி கூட்டிக்கொடு. தலை சுற்றுகிறது, விரல் மதமதக்கிறது என்றால் தேவைக்கு மேல் மூச்சு வாங்குகிறார்கள். ஆழமாக இழுக்கச் சொல்லும் வரியை அடித்துவிடு. கேட்பவரைக் குறை சொல்லாதே, தாளைத் திருத்து. ஐந்து மூச்சு முடிந்ததும் 1 நிமிடம் எண்ணிக்கையும் மணியும் இல்லாமல் விட்டுவிடு. அந்த நேரம் அவர்களுடையது.