மெயில் வராததெல்லாம் நல்ல செய்தி அல்ல

“ஃபெயிலியர் மெயில் எதுவும் வரலையே சார், அப்போ எல்லா ஜாபும் ஓடியிருக்கு.”

இதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. சர்வர் பார்க்கிற இளைஞர்கள் மட்டுமல்ல, அவர்களுக்கு மேலே இருப்பவர்களும் இதையேதான் சொல்கிறார்கள். ஆடிட்டருக்கு எழுதிக் கொடுக்கும் தாளில்கூட இதுதான் சாட்சியாக நிற்கிறது. அரைகுறைத் தப்பு என்றால் விட்டுவிடலாம். இது முழுத் தப்பு.

எனக்குச் சோறு போடுவது மைக்ரோசாஃப்டின் எஸ்க்யூஎல் சர்வர் என்பதால் அதை வைத்தே சொல்கிறேன். அதில் தரவுத்தளத்தை நடத்துவது ஒரு சர்வீஸ். இரவு பேக்கப், நாள் கணக்கு முடிப்பு, காலை ரிப்போர்ட் ஆகியவற்றை நேரம் பார்த்துக் கிளப்பிவிடுவது ஏஜென்ட் என்ற வேறொரு சர்வீஸ். ஜாப் தோற்றால் மெயில் அனுப்ப ஏற்பாடு செய்வதும் அதே ஏஜென்ட்தான். ரீபூட்டுக்குப் பிறகு ஏஜென்ட் எழவில்லை என்றால் ஜாப் தொடங்காது. தொடங்காத ஜாப் தோற்காது. தோற்காத ஜாபுக்கு மெயில் ஏது? தபால்காரர் தான் வேலைக்கு வராததைக் கடிதம் போட்டுத் தெரிவிப்பார் என்று வாசலில் நிற்பது போன்ற காரியம் இது.

‘ஹிஸ்டரியைப் பார்த்தோம், எல்லாம் பச்சை’ என்பார்கள். `sysjobhistory` அட்டவணையில் ஓடிய ஜாபுக்குத்தான் வரி விழும். ஓடாத ஜாபுக்கு அங்கே ஒரு சுவடும் இருக்காது. கடைசி முடிவு என்ற இடத்தில் `Succeeded` என்றே காட்டும், ஏனென்றால் கடைசியாக ஓடியபோது அது ஜெயித்தது உண்மை. எந்தத் தேதியில் ஜெயித்தது என்று பக்கத்துக் கட்டத்தைப் பார்க்க யாருக்கும் பொறுமை இல்லை.

நான் பின்னால் போய்ப் பார்த்த ஒரு மொத்த விற்பனை நிறுவனத்தின் கதை இது. இரவு 1 மணிக்கு முழு பேக்கப், 15 நிமிடத்துக்கு ஒருமுறை லாக் பேக்கப் என்று ஒழுங்காகத்தான் வைத்திருந்தார்கள். சனிக்கிழமை இரவு 11.20க்கு விண்டோஸ் அப்டேட் போட்டு ரீபூட் செய்தார்கள். தரவுத்தளம் எழுந்தது, பில்லிங் திரை திறந்தது, எல்லோரும் தூங்கப் போனார்கள். ஞாயிறு கடை இல்லை. திங்கள், செவ்வாய், புதன் வழக்கம்போல வியாபாரம்.

ஃபுல் ரெக்கவரி முறையில் இருக்கும் தரவுத்தளத்தில், லாக் பேக்கப் எடுத்தால்தான் லாக் கோப்புக்குள் இருக்கும் பழைய இடம் மறுபடி பயன்பாட்டுக்கு வரும். எடுக்காவிட்டால் கோப்பு வளர்ந்துகொண்டே போகும். அங்கே நாளுக்குச் சுமார் 20 ஜிபி வளர்ந்தது. டிஸ்கில் காலியாக இருந்தது 60 ஜிபி. கணக்கு போட்டால் புதன் மாலை வருகிறது, புதன் மாலைதான் பில்லிங் நின்றது. திரையில் 9002 என்ற பிழை: லாக் நிரம்பிவிட்டது, காரணம் `LOG_BACKUP`. எந்த ஜாபும் வாய் திறக்கவில்லை. டிஸ்க் நிரம்பியதுதான் அவர்களுக்கு வந்த முதல் தகவல். நிரம்பாமல் அந்த டிஸ்க் பழுதாகியிருந்தால்? கையில் இருந்த கடைசி லாக் பேக்கப் சனிக்கிழமை இரவு 11.15. மூன்று நாள் பில் அத்தனையும் போயிருக்கும்.

ஏஜென்ட் ஏன் எழவில்லை? அது ஓடும் கணக்கின் கடவுச்சொல்லைச் சில வாரம் முன்பு வேறொரு குழு மாற்றியிருந்தது. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் சர்வீஸுக்கு அந்த மாற்றம் தெரியாது, அது பாட்டுக்கு ஓடும். அடுத்த முறை தொடங்கும்போதுதான் பழைய கடவுச்சொல் செல்லாமல் போகும். விண்டோஸின் சிஸ்டம் லாகில் 7038, 7000 என்ற எண்களோடு அது பதிவாகியே இருந்தது. பார்க்கத்தான் ஆள் இல்லை.

மற்ற நம்பிக்கைகளுக்கு இவ்வளவு நேரம் தேவையில்லை.

தரவுத்தளம் எழுந்தால் ஏஜென்டும் கூடவே எழும் என்பது ஒன்று. சார்பு ஒரு பக்கம்தான் இருக்கிறது: ஏஜென்டைத் தொடங்கினால் தரவுத்தளமும் தொடங்கும். மறுபக்கம் அப்படி இல்லை. தரவுத்தளத்தை நிறுத்தினால் ஏஜென்டும் நிற்கும், பிறகு தரவுத்தளத்தை மட்டும் தொடங்கினால் ஏஜென்ட் நின்றபடியே கிடக்கும். அதுவும் போக, நிறுவும்போது யாரும் மாற்றாவிட்டால் ஏஜென்டின் தொடக்க முறை `Manual`தான். ஃபெயில்ஓவர் கிளஸ்டரில் மட்டும் `Manual` என்று இருப்பதே சரி, அங்கே எழுப்புவது கிளஸ்டரின் பொறுப்பு. அதைப் போய்த் திருத்திவைக்காதீர்கள்.

தவறவிட்ட ஜாபையெல்லாம் ஏஜென்ட் எழுந்ததும் ஓட்டிவிடும் என்பது இன்னொன்று. ஓட்டாது. எழுந்த நேரத்திலிருந்து அடுத்த முறை எப்போது என்று கணக்கிட்டுக்கொண்டு உட்காரும். லினக்ஸில் சிஸ்டம்டி டைமருக்கு `Persistent=true` என்று ஒரு வசதி உண்டு, விண்டோஸ் டாஸ்க் ஷெட்யூலரிலும் அதுபோல ஒரு டிக் உண்டு. அங்கே பழகியவர்கள் இங்கேயும் அதை எதிர்பார்க்கிறார்கள்.

தினமும் வெற்றி மெயில் வரவைத்தால் வராத நாளில் தெரிந்துவிடுமே என்பார்கள். தினமும் நாற்பது மெயில் வரும் பெட்டியில் ஒன்று குறைந்ததைக் கவனிக்கும் மனிதரை நான் இன்னும் பார்க்கவில்லை. ஏஜென்டைக் கண்காணிக்க ஏஜென்டிலேயே ஒரு ஜாப் வைப்பவர்களுக்குப் பதில் மேலேயே இருக்கிறது.

செய்ய வேண்டியது இரண்டு, இரண்டும் வேறொரு கணினியிலிருந்து ஓட வேண்டும். முதலாவது, சர்வீஸின் நிலை. 2008 ஆர்2 எஸ்பி1 முதல் இந்த வசதி இருக்கிறது:

```sql
SELECT servicename, startup_type_desc,
       status_desc, last_startup_time
FROM sys.dm_server_services;
```

ஏஜென்டின் வரியில் `Running` இல்லை என்றால் மணி அடிக்க வேண்டும். ஆனால் ஏஜென்ட் ஓடிக்கொண்டிருக்க, ஜாபை யாரோ முடக்கி வைத்திருக்கலாம். ஆகவே இரண்டாவதாக, வேலையின் விளைவையே கேட்க வேண்டும்:

```sql
SELECT DATEDIFF(MINUTE,
       MAX(backup_finish_date), GETDATE())
FROM msdb.dbo.backupset
WHERE database_name = N'Sales'
  AND type = 'L';
```

கடைசி லாக் பேக்கப் முடிந்து எத்தனை நிமிடம் ஆயிற்று என்று இது சொல்லும். 15 நிமிட ஜாபுக்கு 40ஐத் தாண்டினால் எச்சரிக்கை போகட்டும். ஒரு லாக் பேக்கப்கூடப் பதிவில் இல்லை என்றால் விடை `NULL` என்று வரும். `NULL` 40ஐவிடப் பெரியதல்ல என்று உங்கள் கருவி சும்மா இருந்துவிடும், அதையும் எச்சரிக்கையாக எழுதுங்கள். அந்தக் கருவியால் சர்வரைத் தொடவே முடியாமல் போனாலும் அப்படியே.

இதோடு எனக்கு நெடுநாளாக ஒரு வயிற்றெரிச்சல். “எங்க சர்வரை ஒரு வருஷமா ரீபூட்டே பண்ணலை” என்று மார்தட்டுகிறார்கள். ஒரு வருடமாக மாறிய கடவுச்சொல், யாரோ திருத்திய தொடக்க முறை எல்லாம் அடுத்த ரீபூட்டுக்காகக் காத்துக் கிடக்கின்றன என்பதே இதன் பொருள். மாதம் ஒருமுறை வேண்டுமென்றே ரீபூட் செய்யுங்கள். சனிக்கிழமை நள்ளிரவில் வேண்டாம். அலுவலகத்தில் ஆள் இருக்கும் ஒரு வார நாளில், வியாபாரம் தொடங்கும் முன் காலை 7 மணிக்கு. பில்லிங் திரை திறந்ததும் கிளம்பிவிடாமல், 7.15க்கும் 7.30க்கும் லாக் பேக்கப் விழுந்ததா என்று மேலே சொன்ன இரண்டாவது கேள்வியைக் கேட்டுப் பார்த்துவிட்டுக் காபி குடிக்கப் போங்கள்.