வகுப்பின் பின்வரிசையில் தலைமையாசிரியர்

தாம்பரத்தைச் சுற்றியுள்ள ஊர்கள் நம் கண்முன்னே உருமாறி வருகின்றன. 2021-ஆம் ஆண்டில் ஐந்து நகராட்சிகளும் ஐந்து பேரூராட்சிகளும் ஒன்றாகித் தாம்பரம் மாநகராட்சி உருவாயிற்று. அப்போதும் முடிச்சூர், அகரம்தென், வேங்கைவாசல் முதலிய ஊர்கள் ஊராட்சிகளாகவே நின்றன. ஏரிக்கரையில் வயல் இருந்த இடத்தில் மனைக்கற்கள் நடப்பட்டுள்ளன. வேலை தேடி வந்த குடும்பங்களின் குழந்தைகள் ஆண்டின் நடுவிலும் ஊர்ப் பள்ளியில் வந்து சேருகின்றனர்; வேலை முடிந்ததும் வேறிடம் சென்று விடுகின்றனர். இத்தகைய ஊர்களில் பள்ளியைச் சீர்திருத்துவது எவ்வாறு என்று ஊராட்சி உறுப்பினர்கள் நம்மிடம் கேட்கும்போது, பெரும்பாலும் சுற்றுச்சுவரும் கழிப்பறையும் கூடுதல் வகுப்பறையுமே அவர்கள் மனத்தில் இருக்கின்றன.

இந்த எண்ணத்திற்கு நம் நாட்டில் நல்ல மரபு உண்டு. 1950-களின் பிற்பகுதியில் நெ. து. சுந்தரவடிவேலு அவர்கள் முன்னின்று நடத்திய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் ஊர் மக்களே பள்ளிகளுக்கு வேண்டிய பொருள்களை மனமுவந்து அளித்தனர். அம்முயற்சியின் பயனை நாம் குறைத்துக் கூறவில்லை. ஆனால் கட்டடம் எழும்பிய பின்னர், அதனுள் நடக்கும் பாடம் சீர்படுவது எவரால், எவ்வாறு என்பது வேறொரு கேள்வி. இக்கேள்வியை அறிஞர்கள் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக ஆராய்ந்து வந்துள்ளனர். அவர்கள் கண்டவற்றுள் நம் ஊர்ப் பள்ளிக்கு உதவக்கூடிய ஒரு பகுதியை மட்டும் இங்கே எடுத்துக் கொள்வோம்.

1985-ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர்களான ஹாலிங்கர், மர்ஃபி ஆகிய இருவரும் தலைமையாசிரியரின் கடமைகளை வகைப்படுத்தி ஒரு கட்டுரை வெளியிட்டனர். பள்ளியின் குறிக்கோளை வரையறுத்தல், கற்பித்தலை நடத்திச் செல்லுதல், கற்பதற்கேற்ற சூழலைப் பேணுதல் என்பன அவர்கள் வகுத்த மூன்று பெரும் பிரிவுகள். பதிவேடும் கடிதப் போக்குவரத்தும் இவற்றில் இடம்பெறவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். கற்பித்தலை முன்னின்று நடத்தும் இப்பணியையே கற்பித்தல் தலைமை என்று கூறுகிறோம்.

இவற்றுள் எந்தக் காரியம் மாணவரின் கற்றலோடு மிகுதியாகத் தொடர்புடையது? நியூசிலாந்து நாட்டைச் சேர்ந்த விவியன் ராபின்சன் என்னும் அம்மையார் தம் துணைவர்களுடன் முன்னர் நடந்த பல ஆய்வுகளை ஒருங்கு திரட்டி 2008-இல் ஒரு முடிவை வெளியிட்டார். ஒழுங்கான சூழலைப் பேணுவதற்கு அவர் கணக்கில் கிடைத்த அளவு 0.27, பாடத்திட்டத்தையும் கற்பித்தலையும் மேற்பார்வையிடுவதற்கு 0.42. ஆசிரியர்கள் தம் தொழிலைக் கற்றுக்கொள்ளும்போது தலைமையாசிரியரும் உடனமர்ந்து பங்கு கொள்வதற்கோ 0.84. இந்த எண்களின் நுட்பம் நமக்கு வேண்டுவதில்லை. ஒன்றுக்கொன்று உள்ள விகிதமே போதும். பயிற்சிக்கு ஆசிரியரை அனுப்பிவிட்டுத் தாம் அலுவலகத்தில் இருப்பவரைக் காட்டிலும், அப்பயிற்சியில் தாமும் அமர்ந்து, மறுநாள் வகுப்பில் அது என்னவாயிற்று என்று பார்ப்பவரின் பள்ளியிலே கற்றல் மேம்பட்டிருக்கக் காண்கிறோம்.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். வகுப்பைப் பார்த்தால் போதும் என்று எவரும் கருதிவிடலாகாது. அமெரிக்காவில் மயாமி நகரப் பகுதியைச் சேர்ந்த ஏறத்தாழ நூறு தலைமையாசிரியர்களை மூன்று ஆண்டுகளில் நாள் முழுவதும் உடனிருந்து கவனித்து, கிரிஸம், லோப், மாஸ்டர் ஆகிய மூவர் 2013-இல் ஆய்வொன்றை வெளியிட்டனர். அத்தலைமையாசிரியர்கள் கற்பித்தல் சார்ந்த வேலைகளுக்குச் செலவிட்ட நேரம் நூற்றுக்குப் பன்னிரண்டு அல்லது பதின்மூன்று பங்குதான். அதிலும் மிகுதி, வகுப்புகளுக்குள் சிறிது நேரம் எட்டிப் பார்த்துச் செல்லும் சுற்று. இத்தகைய சுற்று மிகுந்த பள்ளிகளில் மாணவர் முன்னேற்றம் மிகவில்லை. உயர்நிலைப் பள்ளிகளில் குறைந்தே காணப்பட்டது. ஆசிரியருடன் அமர்ந்து அவருடைய கற்பித்தலைப் பற்றிப் பேசி வழிகாட்டிய நேரமே முன்னேற்றத்தோடு இணைந்து நின்றது. வரப்பில் நின்று பயிரைப் பார்த்துவிட்டுப் போவதற்கும், இறங்கித் தூரைப் பிரித்துப் பார்ப்பதற்கும் உள்ள வேறுபாடு உழவருக்கு நாம் விளக்க வேண்டியதில்லை.

நம் நாட்டிலேயே நடந்த ஓர் ஆய்வு இதனினும் கண் திறப்பது. மத்தியப் பிரதேசத்தில் 1,774 பள்ளிகளில் ஒரு திட்டம் நடைமுறைப்படுத்தப்பட்டது. ஒவ்வொரு பள்ளியும் விரிவாக மதிப்பிடப்பட்டது. தர எண் வழங்கப்பட்டது. அப்பள்ளிக்கென்றே மேம்பாட்டுத் திட்டம் எழுதப்பட்டது. கார்த்திக் முரளீதரன், அபிஜித் சிங் ஆகிய பொருளியல் அறிஞர்கள் இதன் பயனை அளந்து 2020-இல் வெளியிட்டனர். மதிப்பீடு ஏறத்தாழ எல்லாப் பள்ளிகளிலும் முறையாக நடந்திருந்தது; தர எண்களும் உண்மை நிலையையே காட்டின. ஆயினும் பள்ளி நடைமுறையிலோ மாணவர் கல்வியிலோ யாதொரு மாறுதலும் இல்லை. காகிதத்தில் எழுதிய திட்டம் வகுப்பறைக்குள் நுழையவில்லை. எனினும் அத்திட்டம் வெற்றி பெற்றதாகவே கருதப்பட்டு, நாடெங்கும் ஆறு லட்சத்திற்கும் மேற்பட்ட பள்ளிகளுக்கு விரிவாக்கப்பட்டது என்பதையும் அவர்கள் குறிப்பிடுகின்றனர். ஊராட்சிகளிலும் இத்தகைய அனுபவம் நமக்குப் புதிதன்று.

ஆகவே, வகுப்பறைக்குள் நுழையும் வழி எது என்பதை ஒரு கற்பனைப் பள்ளியைக் கொண்டு விளக்குவோம். முடிச்சூர்ப் பக்கத்தில் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி இருப்பதாகக் கொள்க. மூன்றாம் வகுப்பில் 24 குழந்தைகள். ஜூலை மாதத்தில் தலைமையாசிரியரும் வகுப்பாசிரியரும் சேர்ந்து ஒவ்வொரு குழந்தையையும் தனித்தனியே அழைத்து வாசிக்கச் சொல்கின்றனர். ஓர் அட்டையில் எழுத்துகள், மற்றொன்றில் எளிய சொற்கள், மூன்றாவதில் நான்கு வாக்கியங்கள், நான்காவதில் ஒரு சிறு கதை. ஒரு குழந்தைக்கு மூன்று நிமிடங்கள் மேல் ஆகாது. நான்கு குழந்தைகளுக்கு எழுத்தே தெரியவில்லை. ஏழு பேருக்கு எழுத்து தெரிகிறது, சொல் வாசிக்க வரவில்லை. எட்டுப் பேர் சொற்களை வாசித்து வாக்கியத்தில் தடுமாறுகின்றனர். ஐந்து பேர் கதையை வாசிக்கின்றனர். தமிழகத் தொடக்கப் பள்ளிகளில் 2022-இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் எனப் பிரித்ததும் இந்நோக்கத்துடனேயே.

அடுத்த வாரம் தலைமையாசிரியர் தமிழ் வகுப்பின் பின்வரிசையில் இருபது நிமிடங்கள் அமர்கிறார். ஆசிரியரின் குரலையோ கரும்பலகையையோ அவர் மதிப்பிடவில்லை. எந்தக் குழந்தை தனியாக வாசித்தது என்று மட்டும் குறித்துக் கொள்கிறார். ஆசிரியர் வாசிக்க, வகுப்பு முழுவதும் உரத்த குரலில் திருப்பிச் சொல்கிறது. வெளியிலிருந்து கேட்பவருக்கு அது மிக நல்ல வகுப்பாகவே தோன்றும். ஆனால் குறிப்பேட்டில் தனியாக வாசித்தவர் மூவர். அம்மூவரும் ஏற்கெனவே கதை வாசிக்கத் தெரிந்த ஐவரைச் சேர்ந்தவர்கள். எழுத்தறியாத நால்வரும் உதட்டை அசைத்துக் கொண்டிருந்தனர்.

அன்று மாலையே இருவரும் அமர்ந்து பேசுகின்றனர். நாள் கடந்தால் நினைவு மங்கும். பேச்சும் பொதுவான அறிவுரையாகிவிடும். தலைமையாசிரியர் தம் அபிப்பிராயத்தைக் கூறாமல் குறிப்பேட்டைக் காட்டுகிறார். ஒரே ஒரு மாறுதலுக்கு இருவரும் ஒப்புகின்றனர்: பாடவேளையின் பிற்பாதியில் ஆசிரியர் முதல் இரு பிரிவினரான பதினொருவருடன் எழுத்தட்டைகளை வைத்துக்கொண்டு தரையில் அமர்வார், ஏனைய பதின்மூவர் இருவர் மூவராகச் சேர்ந்து ஒருவருக்கொருவர் வாசித்துக் காட்டுவர்.

இரண்டு வாரங்கள் கழித்துத் தலைமையாசிரியர் மீண்டும் வந்து அமரும்போது, சேர்ந்து வாசிப்பவர்கள் ஐந்தே நிமிடங்களில் முடித்துவிட்டு இரைச்சலிடுவதைக் காண்கிறார். ஆசிரியர் அவர்களை அடக்க எழுந்து செல்கிறார், பதினொருவரும் காத்திருக்கின்றனர். பல பள்ளிகளில் முயற்சி நின்றுவிடுவது இவ்விடத்தில்தான். புதிய முறை பயன்படவில்லை என்று கூறிப் பழைய கூட்டு முழக்கத்திற்கே திரும்பிவிடுகின்றனர். குறை முறையில் இல்லை. பதின்மூவருக்குப் போதிய வாசிப்புப் பொருள் இல்லாமையே குறை. நூலகப் பெட்டியில் பூட்டிக் கிடக்கும் சிறு கதைப் புத்தகங்களை வெளியில் எடுத்து வைப்பது தலைமையாசிரியர் உடனே செய்யக்கூடிய காரியம். இரண்டாவது வருகை இல்லையென்றால் இது தெரிந்தே இராது.

ஆறு வாரங்களுக்குப் பின் அதே அட்டைகளைக் கொண்டு பதினொருவரையும் மறுபடி வாசிக்கச் சொல்ல வேண்டும். எழுவரில் ஐவர் சொற்களை வாசிக்கின்றனர், நால்வரில் ஒருவரே எழுத்தறிந்தார் எனக் கொள்வோம். அப்போது எஞ்சிய மூவரைப் பற்றித் தனித்தனியே விசாரிக்க வேண்டும். ஒருவர் வாரத்தில் இரண்டு நாட்களே வருபவராக இருக்கலாம். ஒருவருக்குக் கண்பார்வை குறைந்திருக்கலாம். மற்றொருவர் வீட்டில் தெலுங்கோ இந்தியோ ஒடியாவோ பேசும் குடும்பத்திலிருந்து வந்து சேர்ந்தவராக இருக்கலாம். தாம்பரம் பகுதியில் இக்கடைசிக் காரணத்தை மறந்துவிடலாகாது. எந்த மாதத்தில் வந்து சேர்ந்தாலும் அந்த வாரத்திலேயே நான்கு அட்டைகளையும் காட்டிப் பார்ப்பதும், தமிழ் பேசத் தெரியாத குழந்தைக்கு முதலில் பேச்சைப் பழக்குவதும் இங்கே தலைமையாசிரியரின் பொறுப்பாகின்றன.

இந்த ஆய்வுகளுக்கு ஓர் எல்லையும் உண்டு. அயல்நாட்டு ஆய்வுகள் பெரும்பாலும், மயாமி ஆய்வும் உட்பட, ஒன்றோடொன்று சேர்ந்து காணப்படுவதைக் கூறுகின்றனவே அன்றி, இன்னது செய்தால் இன்னது விளையும் என்று நிச்சயமாக நிறுவுவன அல்ல. அன்றியும் அங்குள்ள தலைமையாசிரியர் பொதுவாக வகுப்பெடுப்பதில்லை. நம் தொடக்கப் பள்ளியிலோ அவரும் ஒரு வகுப்பின் ஆசிரியர். அவர் மூன்றாம் வகுப்பின் பின்வரிசையில் அமர்ந்தால் அவருடைய ஐந்தாம் வகுப்பை யார் பார்ப்பது? இரண்டே ஆசிரியர்கள் உள்ள பள்ளியில் இது எளிதில் தீராது. ஐந்தாம் வகுப்பிற்கு எழுத்து வேலை கொடுத்துவிட்டு வாரத்திற்கு ஒருமுறை இருபது நிமிடம் செல்வதே அங்கே இயலக்கூடியது. நான்கைந்து ஆசிரியர் உள்ள பள்ளியில் இரு வகுப்புகளை ஓர் ஆசிரியரிடம் அந்நேரத்திற்கு ஒப்படைக்கலாம்.

அந்த இருபது நிமிடத்தையும் விழுங்குபவை பல. குழாயில் நீர் வரவில்லை; கழிப்பறை சுத்தம் செய்ய ஆள் வரவில்லை; மழை நின்றும் வாசலில் நீர் வடியவில்லை; கணினியில் ஏற்ற வேண்டிய விவரத்திற்கு இன்றே கடைசி நாள். 2015-ஆம் ஆண்டு வெள்ளத்தில் அடையாற்று நீர் புகுந்த முடிச்சூர், வரதராசபுரம் பகுதியினருக்கு வடிகாலைப் பற்றி நாம் சொல்ல வேண்டுவதில்லை. இவற்றில் கடைசி ஒன்றைத் தவிர மற்றவை ஊராட்சி தானே ஏற்கக்கூடியவை. தலைமையாசிரியர் அலைந்து திரிந்து கேட்கும் முன்பே வார்டு உறுப்பினர் ஒருவர் திங்கள்தோறும் காலையில் பள்ளிக்குச் சென்று குழாயையும் கழிப்பறையையும் பார்த்துவிட்டு வந்தால், அந்த நேரம் வகுப்பறைக்கு மீளும்.

பள்ளி மேலாண்மைக் குழுவில் ஊராட்சி உறுப்பினரும் இடம்பெறுகிறார். அக்கூட்டத்தில் வருகைப் பதிவும் கட்டடச் செலவும் முடிந்த பின், ஜூலையில் நான்கு பிரிவிலும் எத்தனை குழந்தைகள் இருந்தனர், இப்போது எத்தனை பேர், சென்ற மாதம் எந்த எந்த வகுப்பில் அமர்ந்தீர்கள், அதன் பின் எது மாறியது என்று தலைமையாசிரியரைக் கேட்கலாம். குழந்தைகளின் பெயரை அவையில் கூற வேண்டாம், எண் போதும். எந்த ஆசிரியர் வகுப்பில் என்ன குறை என்றும் கேட்கலாகாது. அவ்வாறு கேட்கத் தொடங்கினால் அடுத்த மாதம் முதல் பின்வரிசையில் தலைமையாசிரியர் அமரும் நாளில் மட்டும், முன்பே பழக்கி வைத்த பாடம் நடைபெறும்.