இரண்டாம் படியைப் பார்த்து முதல் சார்பை எடுங்கள்

பேக்ஸ்டெப்பிங் சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்தால் நான் போர்டில் எழுதுவது எப்போதும் இந்த இரண்டு சமன்பாடுகளைத்தான். கலீலின் பாடநூலைப் படித்தவர்களுக்கு இது பழகிய கணக்கு. (மேல் கோடு நேரத்தைச் சார்ந்த வகைக்கெழு.)

```
x1' = x1^2 - x1^3 + x2
x2' = u
```

கையில் இருக்கும் உள்ளீடு `u`. அது `x1`-ஐ நேராகத் தொடுவதில்லை, `x2` வழியாகத்தான் போகிறது. அதனால் முதலில் `x2`-வே நம் கையில் இருப்பதாக வைத்துக்கொண்டு, அது என்னவாக இருந்தால் `x1` பூஜ்யத்துக்கு வரும் என்று பார்க்கிறோம். அந்த விருப்ப மதிப்புக்கு `α(x1)` என்று பெயர். நிஜ `x2` அதிலிருந்து விலகும் அளவு `z = x2 − α`. அந்த விலகலையும் சேர்த்து அடக்குவது இரண்டாம் படி.

ஏறக்குறைய எல்லோரும் முதல் படிக்கு `V1 = x1²/2` எடுப்பார்கள். இரண்டாம் படியில் அதோடு `z²/2` சேர்ப்பார்கள். `V` குறைந்துகொண்டே போகும்படி `u`-வை அமைத்தால் வேலை முடிந்தது:

```
u = -x1 + α'(x1)·(x1^2 - x1^3 + x2) - z
```

இங்கே `α'(x1)` என்பது `x1`-ஐ ஒட்டிய வகைக்கெழு. முன்னால் நிற்கும் `−x1`, முதல் படியிலிருந்து மிஞ்சிய `x1·z` என்ற குறுக்கு உறுப்பை அடிப்பதற்கு. இந்தச் சூத்திரத்தில் கவனிக்க வேண்டிய இடம் `α'`. முதல் படியில் `α` எவ்வளவு செங்குத்தாக ஏறுகிறதோ, இரண்டாம் படியில் அந்த ஏற்றம் அப்படியே `u`-வைப் பெருக்கும்.

`α`-வை மூன்று விதமாக எடுக்கலாம். நேரியல் அல்லாத உறுப்புகள் இரண்டையும் அடித்துவிட்டால் `α = −x1 − x1² + x1³`. `−x1³` தானாகவே நம் பக்கம் வேலை செய்கிறது என்று அதை விட்டுவைத்தால் `α = −x1 − x1²`. எதையுமே அடிக்காவிட்டால் `α = −x1`. மூன்றாவது சரிப்படுமா என்றுதான் பலரும் தயங்குவார்கள். போட்டுப் பார்த்தால் `z = 0` எனும்போது `V1' = −x1²(x1² − x1 + 1)`. அடைப்புக்குள் இருக்கும் இருபடிக் கோவை எங்கேயும் 3/4-க்குக் கீழே போவதில்லை. ஆக, `x1²` கொடுக்கும் தொல்லையை `−x1³`-உம் `−x1`-உம் சேர்ந்தே அடக்கிவிடுகின்றன.

இந்த மூன்றையும் சிமுலேஷனில் ஓட்டிவிட்டு ஒரு மாணவர் கேட்டார்: "சார், மூணும் ஒரே மாதிரிதானே வருது?" தொடக்க மதிப்பு என்ன என்றேன். `x1 = 0.1` என்றார். அங்கே வித்தியாசம் தெரியாது. பூஜ்யத்துக்குப் பக்கத்தில் மூன்றுமே `u = −2x1 − 2x2` என்ற ஒரே நேரியல் கன்ட்ரோலர்தான். `x1 = 3`, `x2 = 0` வைத்து முதல் கணத்து `u`-வை மட்டும் கையால் போடச் சொன்னேன். எல்லாவற்றையும் அடித்ததற்கு −348 வந்தது. `−x1³`-ஐ விட்டுவைத்ததற்கு 111. எதையும் அடிக்காததற்கு 12.

அந்தப் புள்ளியில் சிஸ்டம் தானாகவே `x1`-ஐ 18 என்ற வேகத்தில் கீழே இழுத்துக்கொண்டிருக்கிறது. முதல் கன்ட்ரோலர் அந்த இழுப்பை ரத்து செய்வதற்கே 348 அளவுக்கு உழைக்கிறது. நிஜ ஆக்சுவேட்டர் அவ்வளவு தராது, உச்சத்தில் முட்டி நின்றுவிடும். முட்டிய பிறகு நம் `V` கணக்கு எதுவும் செல்லாது.

இதோடு நிறுத்திவிடலாம்தான். ஆனால் 12-இலும் ஒரு வீண்வேலை ஒளிந்திருக்கிறது. `α = −x1` வைத்தபின், `φ = x1 − x1² + x1³` என்று எழுதிக்கொண்டால் சிஸ்டம் இப்படி ஆகிறது:

```
x1' = -φ + z
z'  = u + z - φ
```

இரண்டு வரியிலும் அதே `φ`. `V1 = x1²/2` என்று பிடிவாதமாக இருந்தால் குறுக்கு உறுப்பு `x1·z` ஆகவும், இரண்டாம் வரி தருவது `−φ·z` ஆகவும் வரும். இரண்டும் ஒன்றையொன்று அடிக்காது. அந்த மிச்சத்தைத் தீர்க்கத்தான் `u`-வில் கனம் ஏறுகிறது. அப்படியானால் `V1`-இன் வகைக்கெழுவே `φ` ஆக இருக்கும்படி எடுத்தால் என்ன?

```
V1 = x1^2/2 - x1^3/3 + x1^4/4
```

முதலில் இது தகுதியானதா என்று பார்க்க வேண்டும். `x1²`-ஐ வெளியே எடுத்தால் உள்ளே `1/2 − x1/3 + x1²/4`. அதற்கு மெய் மூலம் கிடையாது, ஆகவே `V1` எங்கும் நேர்மறை, தொலைவில் முடிவிலிக்குப் போகிறது. இனி `V = V1 + z²/2`-க்கு வகைக்கெழு எடுத்தால் `φ·z` இரண்டும் தாமாகவே அடிபட்டு, `V' = −φ² + z·u + z²` மிஞ்சுகிறது. `u = −2z` போதும். அதாவது `u = −2(x1 + x2)`. நேரியல் அல்லாத சிஸ்டத்துக்கு நேரியல் கன்ட்ரோலர், அதுவும் எந்தத் தொடக்கத்திலிருந்தும் பூஜ்யத்துக்குக் கொண்டுவருவது. `x1 = 3`-இல் இது கேட்பது வெறும் −6.

இப்படி `V1`-ஐக் கடைசிவரை நிரப்பாமல் வைத்திருந்து, இரண்டாம் படியில் எது அடிபட வேண்டும் என்று பார்த்தபின் நிரப்புவது என் கண்டுபிடிப்பு அல்ல. கிர்ஸ்டிச், கனெல்லாகோபூலோஸ், கோகோடோவிச் 1995-இல் வெளியிட்ட நூலில் ஜெட் எஞ்சின் கம்ப்ரசர் கணக்குக்கு இதே வழியைக் கையாண்டிருக்கிறார்கள். அங்கேயும் ஓர் இருபடி உறுப்பும் ஒரு முப்படி உறுப்பும்தான். பாடநூலில் அந்தப் பக்கங்களைத் தாண்டிப் போகிறவர்கள் அதிகம். எனக்கு அந்த நூலின் பிரதான தேற்றங்களைவிட அதுதான் பயன்பட்டிருக்கிறது.

இந்தத் தேர்வினால் கிடைக்கும் இன்னொரு ஆதாயம், மாடலைத் துல்லியமாகத் தெரிந்திருக்க வேண்டியதில்லை என்பது. `x1²`-இன் கெழு 1 அல்ல, `a` என்று வைத்துக்கொள்ளுங்கள். கன்ட்ரோலரில் `a` எங்கேயும் வரவில்லை. `φ`-இலும் `V1`-இலும் மட்டும் வருகிறது, அவை காகிதத்தில் இருப்பவை. `|a| < 2` வரை நிரூபணம் அப்படியே நிற்கும்.

2-ஐத் தாண்டினால் என்ன ஆகும் என்பதையும் ஓட்டிப் பார்க்க வேண்டும். `a = 2.5` என்றால் `x1 = 2`, `x2 = −2`-இல் ஒரு வேண்டாத சமநிலைப் புள்ளி முளைக்கிறது. அடையாளம் எளிது: `x1` அலையாமல் சமர்த்தாக 2-இல் போய் நிற்கும், `u` பூஜ்யமாக இருக்கும். கன்ட்ரோலரைப் பொறுத்தவரை `z = 0`, வேலை முடிந்தது. இங்கே `u`-வின் கெயினை எவ்வளவு ஏற்றினாலும் பயனில்லை, பெருக்கப்படுவது பூஜ்யம்தானே. மாற்ற வேண்டியது `α`. `α = −k·x1` என்று வைத்தால் நிபந்தனை `a² < 4k` ஆகும். `k = 2` இந்த `a`-வுக்குப் போதும். அப்போது `φ`-இன் முதல் உறுப்பு `k·x1`. குறுக்கு உறுப்புகள் அடிபட `V = k·V1 + z²/2` என்று எடை போட வேண்டும், `u = −(k+1)z` ஆகிவிடும். அந்த எடை `k`-வை விட்டுவிட்டு, கணக்கு ஏன் முடியவில்லை என்று தேடுகிறவர்களை அடிக்கடி பார்க்கிறேன்.

அதனால் சிமுலேஷனுக்குப் போகும்முன் ஒரே புள்ளியில் `V'`-ஐ இரண்டு வழியில் போட்டுப் பார்ப்பது என் வழக்கம்:

```python
x1, x2 = 3.0, 0.0
f = x1**2 - x1**3 + x2
z = x1 + x2
u = -2*z
phi = x1 - x1**2 + x1**3
print(phi*f + z*(u + f), -phi**2 - z**2)
```

இரண்டும் −450 என்று வர வேண்டும். வராவிட்டால் பெரும்பாலும் `α`-வின் வகைக்கெழுவில் ஒரு குறி மாறியிருக்கும்.