30 வினாடிப் பொங்கல் வாழ்த்து எழுதுவது எப்படி?

டொரொண்டோவில் வாழும் யாழ்ப்பாணக் குடும்பம் ஒன்று, தன் சேனலுக்குத் தைப்பொங்கல் வாழ்த்து எழுதித் தரச் சொல்கிறது என்று வையுங்கள். நீளம் 30 வினாடி. பேசப்போவது அம்மம்மா. தமிழ் வாசிக்கத் தெரியாத பேரப்பிள்ளைகளுக்கும் வேற்றுமொழி மருமகனுக்கும் ஆங்கில சப்டைட்டில் வேண்டும். பலர் வசனத்தை முடித்துவிட்டுத்தான் சப்டைட்டிலைத் தொடுகிறார்கள். இரண்டையும் சேர்த்தே எழுதுங்கள்.

பால் பொங்கி வழியும் காட்சிக்கு 5 வினாடி பேச்சில்லாமல் விடுங்கள். மீதி நேரத்தில் வயதானவர் நிதானமாகப் பேச 40 சொல் போதும்.

சிக்கல் நீண்ட வாக்கியத்தில்தான் வரும். “வெளியில ஸ்னோ கொட்டுறதால முற்றத்தில அடுப்பு மூட்டாமல் குசினிக்குள்ள பொங்கினம்” என்பது கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் தமிழில் வினை கடைசியில் வரும். ஆங்கிலத்தில் முன்னாலேயே வந்துவிடும். திரையில் ஜன்னலுக்கு வெளியே பனி விழும்போதே பொங்கிய செய்தியைப் பிள்ளை வாசித்து முடித்துவிடுவான். அடுத்து பானை வரும்போது அவன் வாசிக்க ஒன்றும் இருக்காது. அதனால் உடைத்து எழுதுங்கள்: “வெளியில ஸ்னோ கொட்டுது. இண்டைக்கு முற்றத்தில அடுப்பு இல்லை. குசினிக்குள்ள பொங்கினம்.” ஒரு வாக்கியம், ஒரு காட்சி, ஒரு சப்டைட்டில்.

```
2
00:00:07,000 --> 00:00:09,500
It's snowing outside.

3
00:00:09,500 --> 00:00:12,500
No fire in the yard today.

4
00:00:12,500 --> 00:00:15,500
We cooked in the kitchen.
```

வினாடிக்கு 12 எழுத்துக்கு மேல் போகாமல் பார்த்துக்கொண்டால் சிறுபிள்ளையும் வாசித்துவிட்டுப் படத்தைப் பார்க்கும். நேரத்தில் வினாடிக்கும் மில்லிவினாடிக்கும் நடுவே வருவது காற்புள்ளி. புள்ளி வைத்தால் சில மென்பொருள்கள் ஏற்காது. “பொங்கலோ பொங்கல்” என்ற கூவலை மொழிபெயர்க்க வேண்டாம், ஒலியை அப்படியே ஆங்கில எழுத்தில் போடுங்கள். அம்மம்மாவும் அம்மம்மாவாகவே இருக்கட்டும். பிள்ளைகள் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்.

இந்த SRT கோப்பு யூடியூபுக்கு உதவும். ஆனால் வாட்ஸ்அப்பில் வீடியோ அனுப்பினால் சப்டைட்டில் கூடப் போகாது. அதற்கு எழுத்தைப் படத்திலேயே பதித்து இன்னொரு பிரதி எடுங்கள். செங்குத்து வீடியோவானால் எழுத்தை அடியில் வைக்காதீர்கள். ஷார்ட்ஸில் அந்த இடத்தைத் தலைப்பு மறைத்துவிடும்.

படப்பிடிப்பில் இல்லாத ஒரு பிள்ளையிடம் ஒலியை நிறுத்திவிட்டுக் காட்டுங்கள். பால் பொங்கியதைக் கவனிக்கவில்லை என்றால் வரிகள் நீளம். சொல்லைக் குறையுங்கள், எழுத்தைச் சிறிதாக்காதீர்கள்.

வசனத்தில் “இண்டைக்குக் காலம” என்று மட்டும் வரவேண்டாம். ஜனவரியில் டொரொண்டோ யாழ்ப்பாணத்துக்குப் பத்தரை மணி நேரம் பின்னால் இருக்கிறது. அங்கே காலையில் ஏற்றும் வாழ்த்தை ஊரில் மாலையில்தான் பார்ப்பார்கள்.