ஒரே மடலில் இரு மருந்து

எங்கள் ராசிங்காபுரத்தில் தோட்டத்து வரப்பிலும், வீட்டுக் கொல்லையிலும், திருஷ்டிக்கென்று தலைகீழாகக் கட்டித் தொங்கவிட்ட வாசல்நிலையிலும் காணக் கிடைக்கும் சோற்றுக்கற்றாழையைப் பற்றி, அது குளிர்ச்சியானது, ஆகையால் எப்படிப் பிரயோகித்தாலும் தீங்கு செய்யாது என்ற அபிப்பிராயம் ஜனங்களிடையே ஆழமாக வேரூன்றியிருக்கிறது. அந்த அபிப்பிராயத்தில் பாதி உண்மை. மற்றப் பாதி அபாயகரமானது. வெயிலில் வெந்த தோலுக்குச் சுகம் தருகிற கற்றாழைச் சோறும், குடலைப் புரட்டி எடுக்கிற கற்றாழைப் பாலும் ஒரே மடலில் ஒரு நூல் இடைவெளியில் இருப்பவை. ஆயினும் சுபாவத்தில் அவை இரண்டு தனி வஸ்துக்கள் என்பதை நான் அனுபவத்தில் கண்டு தெளிந்தபடியால், அதைச் சற்று விஸ்தாரமாகவே எழுதுகிறேன்.

ஒரு மடலை அடியோடு அறுத்து, வெட்டுவாய் கீழே இருக்கும்படி ஒரு கிண்ணத்தில் நிறுத்தி வைத்துப் பாருங்கள். சிறிது நேரத்தில் பச்சைத் தோலுக்கு அடுத்தாற்போலிருக்கும் வட்டத்திலிருந்து மட்டும் மஞ்சள் நிறமான நீர் கசிந்து, காற்றுப் பட்டதும் பழுப்பேறத் தொடங்கும். நடுவிலிருக்கும் கண்ணாடி போன்ற சோற்றிலிருந்து அது வருவதில்லை. அந்தச் சோறு நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுப் பங்குக்கு மேல் ஜலம். எஞ்சியதில் பெரும்பகுதி, அந்த ஜலத்தைப் பிடித்து வைத்திருக்கும் வழவழப்பான சர்க்கரைத் தொடர்ப் பொருள்கள். மஞ்சள் பாலிலோ அலோயின் என்னும் கடுங்கசப்பான பேதிச் சரக்கு இருக்கிறது. இந்தப் பாலை வடித்துக் காய்ச்சி இறுக்கினால் கிடைக்கும் கறுத்த கட்டியே, நாட்டு மருந்துக் கடைகளில் மூசாம்பரம் என்றும் கரியபோளம் என்றும் விற்கப்படுவது. சுளுக்கு, அடிபட்ட வீக்கம் ஆகியவற்றுக்கு முட்டை வெள்ளைக்கருவில் குழைத்துப் பற்றுப் போட நம் வீடுகளில் வழங்குவதும் அதுதான்.

முதலில் வெயிலின் விஷயம். ஏலத்தோட்டங்களில் வேலை செய்வோர் பெரும்பாலும் நிழல் மரங்களின் கீழே இருப்பதால், வெயில் கொப்பளிப்பு அவர்களை அதிகம் தொடுவதில்லை. ஆனால் போடிமெட்டுக்கு மேலே மரமற்ற புல்சரிவில் நடுப்பகல் முழுவதும் நின்று திரும்பிய என் தமக்கை மகன், அன்று மாலை சட்டையின் கழுத்துப்பட்டை உரசினாலே துடித்தான். மேட்டில் குளிர்ந்த காற்று வீசுவதனால் வெயில் உறைப்பது தெரியாது. அதே சமயம் உயரம் 1000 மீட்டர் ஏறும்போது சூரியனின் புற ஊதாக் கதிர்களின் வலிமை ஏறத்தாழப் பத்து சதவீதம் கூடுகிறது. நம்முடைய கருமை நிறத்தில் சிவப்பு எடுத்துக் காட்டாது என்பதால், தொட்டால் அனல் வீசுவது, தோல் இழுத்துப் பிடிப்பது, லேசாகத் தொட்டாலும் எரிவது ஆகிய குறிகளைக் கொண்டே இதை அறிய வேண்டும். எரிச்சல் அன்று மாலையோடு நிற்பதில்லை. பன்னிரண்டு முதல் இருபத்துநாலு மணி நேரத்துக்குள்தான் உச்சம் அடையும்.

அவனுக்குச் செய்த உபசாரம் இதுதான். பனிக்கட்டி வைக்காமல், சாதாரணக் குளிர்ந்த ஜலத்தில் நனைத்துப் பிழிந்த துணியைப் பின்கழுத்திலும் தோளிலும் கால் மணி நேரம் மாற்றி மாற்றிப் போட்டோம். அதற்குள் ஒரு முற்றிய மடலை அறுத்து நிறுத்தி, மஞ்சள் பால் வடிந்து ஓய்ந்த பிறகு, முள் விளிம்பு இரண்டையும், அடியில் ஓர் அங்குலத்தையும், நுனியையும் அரிந்து தள்ளி, மேல்தோலைச் சற்றுக் கனமாகவே சீவி எடுத்தேன். கனமாகச் சீவுவதற்குக் காரணம், பால் ஓடும் குழல்கள் தோலோடு ஒட்டிக்கொண்டு போய்விட வேண்டும் என்பது. பிறகு சோற்றைப் பல தண்ணீரில் அலசினேன். முழங்கை மடிப்பில் சிறிது தடவி, அரிப்போ தடிப்போ தோன்றவில்லை என்று கண்ட பின்னரே வெந்த இடத்தில் மெல்லிய பூச்சாகப் போட்டு, உலர உலர மறுபடியும் பூசி வந்தோம். மஞ்சள் பால் பட்டால் சிலருக்குத் தோல் தடித்து அரிக்கும் என்பதால், வெளிப்பூச்சுக்கும் இந்தச் சுத்தம் அவசியமே.

இதனால் என்ன நன்மை கிட்டியது என்பதையும் அளவோடு சொல்ல வேண்டும். பூச்சிலுள்ள ஜலம் ஆவியாகும்போது உஷ்ணத்தைக் கொண்டுபோகிறது. வழவழப்புப் பொருள் மெல்லிய படலமாக உறைந்து தோலின் ஈரத்தைக் காக்கிறது. எரிச்சல் தணிந்து அவன் அன்றிரவு தூங்கினான். ஆனால் கதிர்கள் தோலின் அணுக்களுக்குள்ளே செய்துவிட்ட சேதத்தைக் கற்றாழை திருப்பிச் சரிசெய்வதில்லை. தோல் கறுக்கத்தான் செய்தது, பிறகு உரியவும் செய்தது. தாய்லாந்தில் நடத்தி 2005-இல் வெளியிட்ட ஆராய்ச்சியொன்றில், கற்றாழைக் களிம்பு வெயில் கொப்பளிப்பைத் தடுக்கவும் இல்லை, சிவப்பை மாற்றவும் இல்லை என்று கண்டார்கள். சிறு தீக்காயங்கள் ஆறுவதில் அது உதவுவதாகச் சில ஆராய்ச்சிகள் காட்டியிருப்பது வேறு விஷயம். ஆகவே இதைச் சுகம் தரும் பூச்சாகக் கொள்ளலாமே தவிர, வெயிலுக்குக் கவசமாகக் கொள்ளலாகாது. பெரிய கொப்புளங்கள் எழும்பினாலோ, காய்ச்சல், குளிர் நடுக்கம், மயக்கம் கண்டாலோ, கற்றாழையை விட்டு வைத்தியரிடம் போக வேண்டும். உடைந்த கொப்புளத்தின் மேல் வீட்டில் அறுத்த சோற்றை அப்புவது, அழுக்குக்கு வழி திறந்துவிடுவதாகும்.

இனி உள்ளுக்குச் சாப்பிடும் விஷயம். எங்கள் தெருவில் பெரியவர் ஒருவர், ரத்த அழுத்தத்துக்காக, சிறுநீர் பிரிக்கும் மாத்திரையை நெடுநாளாகச் சாப்பிட்டு வருபவர், மலச்சிக்கலுக்கென்று மூசாம்பரம் வாங்கி வந்து, யாரோ சொன்ன அளவுப்படி சுண்டைக்காய்ப் பிரமாணம் உருட்டி விழுங்கியிருக்கிறார். மறுநாள் பிற்பகலில் நான் போய்ப் பார்த்தபோது, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்தார். கெண்டைக்கால் சதை கட்டிக்கட்டி இழுத்தது.

“பெரியப்பா, எப்ப சாப்பிட்டீக?” என்று கேட்டேன்.

“ராத்திரி படுக்கிறப்ப ஒண்ணு போட்டேன்ப்பா. விடியிற வரைக்கும் ஒண்ணுமே ஆகல. சரக்கு பழசு போலன்னு காலையில இன்னொண்ணு போட்டேன்” என்றார்.

இந்தப் பதிலில்தான் விஷயத்தின் சாரமே அடங்கியிருக்கிறது. அலோயின் வயிற்றுக்குள் போனவுடன் வேலை செய்யாது. இரைப்பையையும் சிறுகுடலையும் பெரும்பாலும் மாறாமலே கடந்து பெருங்குடலை அடைந்த பிறகு, அங்கே வாழும் நுண்ணுயிர்கள் அதை உடைத்து வேறொரு பொருளாக மாற்றுகின்றன. அந்தப் பொருளே குடற்சுவரை உறுத்தி, ஜலத்தை உள்ளே இழுக்க விடாமல் தடுத்து, குடலை வேகமாக முறுக்கித் தள்ளுகிறது. இத்தனையும் நடக்க ஆறிலிருந்து பன்னிரண்டு மணி நேரம் பிடிக்கும். பலிக்கவில்லை என்று எண்ணி இரண்டாவது உருண்டையை விழுங்கும் வேளையில், முதல் உருண்டை அப்போதுதான் விழித்துக்கொண்டிருக்கிறது. தோலின் மேல் இந்த நுண்ணுயிர்களின் வேலை நடப்பதில்லை. அதனால்தான் மூசாம்பரப் பற்று போட்டவருக்குப் பேதியாவதில்லை.

அளவையும் கவனியுங்கள். பேதிக்கென்று பழைய மருந்து நூல்கள் அனுமதித்த மூசாம்பரத்தின் அளவு, ஏறத்தாழ 50 முதல் 200 மில்லிகிராம். சுண்டைக்காய் அளவு உருண்டையோ அரை கிராமுக்கு மேல் நிற்கும். அவர் விழுங்கியது இரண்டு. நாளொன்றுக்கு ஒரு கிராம் வீதம் பல நாள் தொடர்ந்தால் சிறுநீரகம் பழுதாகி உயிருக்கே ஆபத்து நேரலாம். அதோடு, மடலின் வயது, பருவம், நிலம் ஆகியவற்றைப் பொறுத்துப் பாலின் வீரியம் மாறுவதால், வீட்டில் வடித்த பாலுக்கு அளவு என்பதே கிடையாது. பேதியில் ஜலத்துடன் பொட்டாசியம் என்ற உப்பும் வெளியேறுகிறது. அவர் சாப்பிட்டு வந்த மாத்திரை ஏற்கெனவே அதைச் சிறுநீரில் கழித்துக்கொண்டிருந்தபடியால் இரண்டும் சேர்ந்தே கெண்டைக்காலை இழுத்தன; இதயத் துடிப்பின் ஒழுங்கைக் குலைப்பதும் அதே குறைவுதான். உப்புச் சர்க்கரைக் கரைசலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துக்கொண்டே அவரைப் போடிக்கு அழைத்துச் சென்று, மூசாம்பரத்தையும் மாத்திரைச் சீட்டையும் ஒருங்கே வைத்தியரிடம் காட்டினோம். பெரியவர் தேறினார். இவ்விதம் போகும்போது, சாப்பிட்ட சரக்கையும் சாப்பிடும் மாத்திரைகளையும் தவறாமல் கையில் கொண்டு போக வேண்டும்.

கர்ப்பிணிகளும், பால் கொடுக்கும் தாய்மார்களும், சிறு குழந்தைகளும், மூலம், குடற்புண், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் இந்தப் பாலை உள்ளுக்குத் தொடவே கூடாது. தள்ளிப்போன மாதவிலக்கை வரவழைக்க மூசாம்பரம் விழுங்கும் பழக்கமும், பால் மறக்கடிக்க அதைத் தாயின் மார்பில் தடவும் பழக்கமும் கைவிடத் தக்கவை. நாட்பட்ட மலச்சிக்கலுக்கு இதைத் தினசரி மருந்தாக்கினால், குடல் அதன் உறுத்தல் இன்றி அசைய மறுக்கும் நிலைக்கு வந்துவிடக்கூடும். அமெரிக்க அரசின் மருந்து நிர்வாகம், இதன் பாதுகாப்பை நிரூபிக்கும் தகவலைத் தயாரிப்பாளர்கள் அளிக்காததால், 2002-இல் மருந்துச் சீட்டின்றி விற்கும் பேதி மருந்துகளிலிருந்து கற்றாழைப் பாலை விலக்கியது. 2013-இல் வெளியான அந்நாட்டு ஆராய்ச்சியொன்றில், பால் நீக்காத முழு மடல் சாற்றை இரண்டு வருஷம் குடித்த எலிகளுக்குப் பெருங்குடலில் கட்டிகள் தோன்றின. எலிக்கு நேர்ந்தது மனிதருக்கும் நேரும் என்று அதனால் முடிவு கட்டிவிட முடியாது. ஆனாலும் மடலைத் தோலோடு அரைத்துக் காலையில் வெறும் வயிற்றில் குடிப்பவர்கள் யோசிக்க வேண்டிய காரியம் இது.

நம் பெரியவர்கள் கற்றாழைச் சோற்றை உள்ளுக்குக் கொடுக்குமுன் ஏழு தண்ணீரில் கழுவச் சொன்னதன் நியாயம், அலோயின் ஜலத்தில் கரைந்து போகக்கூடியது என்பதே. எண்ணிக்கையை நம்பிக் கழுவுவதைவிடக் குறியை நம்பிக் கழுவுவது மேல்: அலசிய தண்ணீரில் மஞ்சள் சாயல் அறவே நீங்க வேண்டும், சோற்றை நாக்கு நுனியில் வைத்தால் கசப்பு ஏறக் கூடாது. கசக்கிறவரை அதில் பேதிச் சரக்கு இருக்கிறது, விழுங்காதீர்கள். மலச்சிக்கலுக்கு வேண்டுமானால் இசப்கோல் உமியை நிறையத் தண்ணீரோடு சாப்பிட்டுப் பாருங்கள். அதற்கும் தீராமல் வாரக்கணக்கில் நீடித்தாலோ, மலத்தில் ரத்தம் கண்டாலோ, வைத்தியர் காரணத்தைத் தேட வேண்டிய நேரம் வந்துவிட்டது. அப்போது பேதிக்கு எதைச் சாப்பிட்டாலும் அது காரணத்தை மறைக்கவே செய்யும்.