தட்டு தனி, காற்று பொது

கேள்வி: ஒரு படுக்கையறை, ஒரு ஹால், சமையலறை, ஒரே குளியலறை உள்ள வாடகை வீடு, ஐந்து பேர் வசிக்கிறோம். பத்தாவது படிக்கும் மகனுக்கு ஃப்ளூ காய்ச்சல் என்று டாக்டர் சொல்லிவிட்டார். வீட்டில் 70 வயதுப் பாட்டி இருக்கிறார். தட்டு, டம்ளர், துண்டு எல்லாவற்றையும் தனியாக வைத்துவிட்டால் போதுமா?

பதில்: போதாது. ஃப்ளூ முக்கியமாகப் பரவுவது தட்டு வழியாக அல்ல, மூச்சு வழியாக. இருமும்போதும் பேசும்போதும் தெறிக்கும் துளிகளில் பெரியவை ஓரிரு மீட்டருக்குள் விழுந்துவிடும். மிக நுண்ணியவை மூடிய அறையில் நெடுநேரம் மிதக்கும். காய்ச்சல் தெரிவதற்கு ஒரு நாள் முன்பே பரவல் தொடங்கி, பிறகு 5 முதல் 7 நாள் வரை நீடிக்கும். முதல் 3 நாட்களில்தான் வேகம் அதிகம். எனவே பையனைத் தனியே படுக்கவைப்பதற்கு முன்பே வீட்டில் ஒருவருக்குத் தொற்றியிருக்கலாம். அதற்காகத் தனிமை வீண் என்று ஆகாது, பாட்டி இன்னும் தப்பியிருக்கக்கூடும்.

படுக்கையறை பையனுக்கு, மற்ற நால்வரும் ஹாலில். கதவு மூடியே இருக்க வேண்டும். ஆனால் அறைக்குள் இருக்கும் காற்று எந்தப் பக்கம் போகிறது என்பதுதான் முதலில் தெரிய வேண்டிய விஷயம். அதற்கு ஓர் ஊதுபத்தி போதும். அறையின் ஜன்னலைத் திறந்து, கதவைச் சாத்தி, ஹால் பக்கம் நின்று கதவின் அடி இடுக்கருகே ஊதுபத்தியைப் பிடித்தால், புகை இடுக்கு வழியாக அறைக்குள் இழுக்கப்பட வேண்டும். ஹால் பக்கமே தள்ளப்பட்டால், நோயாளியின் மூச்சுக்காற்று பாட்டியிடம் வருகிறது என்று பொருள்.

அப்படி வந்தால் இரண்டு காரணங்களைப் பார்க்கலாம். சமையலறையில் எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடினால், வீட்டின் மற்ற ஜன்னல்கள் மூடியிருக்கும்போது, அது படுக்கையறைக் காற்றையே ஹால் வழியாக இழுக்கும். சமைக்கும் நேரத்தில் சமையலறை ஜன்னலையோ வாசற்கதவையோ திறந்துவைத்தால் இது பெருமளவு குறையும். மற்றொன்று, வெளிக்காற்று ஜன்னல் வழியாக உள்ளே வீசுவது. ஜன்னல் விளிம்பில் ஒரு டேபிள் ஃபேனை வெளிப்பக்கம் பார்த்து வைத்து, சுற்றியுள்ள இடைவெளியை அட்டையால் அடைத்தால் அறைக் காற்று வெளியே தள்ளப்படும். அதன் பிறகு ஊதுபத்திச் சோதனையை மறுபடி செய்து பார்க்க வேண்டும். வெளிக்காற்று பலமாக வீசி ஃபேனும் தோற்றால், பழைய போர்வையைச் சுருட்டிக் கதவு இடுக்கில் வைப்பதே வழி. ஸ்ப்ளிட் ஏசி இந்த வேலையைச் செய்யாது. அறைக்குள் இருக்கும் அதே காற்றைத்தான் குளிர்வித்துச் சுழற்றும். சீலிங் ஃபேனும் காற்றைக் கலக்குமே தவிர வெளியேற்றாது.

தனி அறையே இல்லாத வீட்டில் நோயாளியை ஜன்னலோரம் படுக்கவைத்து, மற்றவர்கள் குறைந்தது 6 அடி தள்ளி, தலைமாடு எதிர்ப்பக்கமாக இருக்கும்படி படுக்கலாம். நடுவே புடவை கட்டி மறைப்பது துளிகளை ஓரளவு தடுக்கும். அது ஜன்னல் காற்றையும் மறைத்துவிட்டால் பலனைவிடத் தொல்லையே மிச்சம்.

குளியலறையைப் பையன் மற்றவர்களுக்குப் பிறகு பயன்படுத்துவது நல்லது. அவசரத்துக்குப் போகும்போது முகக்கவசம் அணிந்து செல்லலாம். வெளியே வந்ததும் குழாய்ப் பிடி, தாழ்ப்பாள், ஃப்ளஷ் பொத்தானைச் சோப்பு நீரால் துடைத்து, ஜன்னலைத் திறந்துவிட வேண்டும். வழவழப்பான கடினப் பரப்பில் ஃப்ளூ கிருமி 24 முதல் 48 மணி நேரம் வரை தாக்குப்பிடிக்கும்.

துணியில் அவ்வளவு நேரம் தாங்காது. ஆனாலும் துண்டில் கவனம் தேவை, ஏனென்றால் அது நேராக மூக்கிலும் கண்ணிலும் படுகிறது. குளியலறைக் கொடியில் ஐந்து துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாகத் தொங்கும் வீட்டில், தனித்துண்டு என்பது பெயரளவுக்குத்தான். பையனின் துண்டு வேறு நிறத்தில், அவன் அறையிலேயே காய வேண்டும். டூத் பிரஷ்ஷும் அங்கேயே. துவைக்க எடுக்கும்போது உதறாமல், உடலோடு அணைத்துப் பிடிக்காமல் நேராக வாளியில் போட வேண்டும். வழக்கமான சோப்புத்தூளும் வெயிலும் போதும். மற்றவர் துணியோடு சேர்த்தே துவைக்கலாம்.

பாத்திரம்தான் இருப்பதில் எளிய பகுதி. ஃப்ளூ கிருமியைச் சுற்றியுள்ள கொழுப்புறையைச் சோப்பு உடைத்துவிடும். நன்றாகத் தேய்த்துக் கழுவிய எவர்சில்வர் தட்டில் அடுத்தவர் தாராளமாகச் சாப்பிடலாம். ஆபத்து கழுவுவதற்கு முன்பு: டம்ளரை விளிம்பைப் பிடித்துத் தூக்குவது, மிச்சம் வைத்த சோற்றை வீணாக்க மனமில்லாமல் அம்மா சாப்பிட்டுவிடுவது. உணவைக் கதவருகே ஒரு ஸ்டூலில் வைத்துவிட்டு, பாத்திரத்தை எடுத்த கையைச் சோப்பால் 20 வினாடி கழுவினால் போதும். உணவு கொடுப்பது, துணி எடுப்பது எல்லாவற்றையும் ஒருவரே முகக்கவசத்துடன் செய்வது நல்லது. அவர் பாட்டியாக இருக்கக் கூடாது.

பாராசிட்டமால் கொடுக்காமலேயே 24 மணி நேரம் காய்ச்சல் இல்லாமல், மற்ற தொந்தரவுகளும் குறைந்துவந்தால் பையன் ஹாலுக்கு வரலாம். அதன்பின் சுமார் 5 நாள் முகக்கவசம் அணிந்து, பாட்டியை விட்டு விலகியே உட்கார வேண்டும். பாட்டிக்குக் காய்ச்சலோ இருமலோ தொடங்கினால் காத்திருக்காமல் அன்றே டாக்டரிடம் காட்ட வேண்டும். ஃப்ளூவுக்கான மருந்து முதல் 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் நன்றாக வேலை செய்யும்.