சங்கச் சொல்லேடு: ஒரே சரக்கை ஒரே குரலில் சொல்வது எங்ஙனம்?

சங்கத்தின் பட்டுச் சேலையைப் பற்றி இன்று பேசுவோர் பலர். சீட்டு எழுதும் எழுத்தர் ஒருவர், விற்பனை நிலையத்தில் சேலையை விரித்துக் காட்டுவோர் இன்னொருவர், கண்காட்சியில் அரங்கு அமைப்பவர் வேறொருவர். சென்னையிலிருந்து விளம்பர நிறுவனமொன்று கைப்பேசிச் செய்தியும் படமும் ஆக்கி அனுப்புகிறது. இவர்களுள் பெரும்பாலோர் ஒருவரையொருவர் பார்த்ததேயில்லை. ஆயினும் வாங்குபவர் இவர்களைத் தனித்தனியாக எண்ணுவதில்லை. எல்லாவற்றையும் சங்கத்தின் வாக்காகவே கொள்கிறார். ஆகவே, எந்தச் சொல்லை எப்போது சொல்லலாம் என்பதைச் சங்கமே எழுதி, பேசுவோர் அனைவர் கையிலும் கொடுத்துவிட வேண்டும். அவ்வெழுத்தை இப்பாடத்தில் ‘சொல்லேடு’ என்று அழைப்போம்.

ஒரு சேலை, நான்கு விளக்கம்

ஓர் உதாரணம் கொள்வோம். ஆரணியில் கைத்தறியில் நெய்த சேலை. பாவும் ஊடையும் இயற்கைப் பட்டு. கரையிலும் முந்தியிலும் உள்ள ஜரிகை, செம்புக் கம்பியின்மேல் வெள்ளி பூசிய வகை. சீட்டில் ‘தூய பட்டு’ என்று இருக்கிறது. விற்பனையாளர் ‘எல்லாம் அசல்’ என்கிறார். அரங்கின் பலகையில் ‘அசல் ஜரிகை’ என்று எழுதியுள்ளார்கள். விளம்பர நிறுவனமோ, விற்குமென்று கருதிக் ‘காஞ்சிப் பட்டு’ என்றே போட்டுவிட்டது.

வாங்கிய அம்மையார் ஜரிகையைச் சோதித்துப் பார்க்கிறார். வெள்ளி மிகக் குறைவு. சேலை திரும்பி வருகிறது. நெய்தவருக்குக் கூலி முன்னரே கொடுத்தாயிற்று. பணம் சரக்கில் முடங்கியதால் அடுத்த பாவுக்குப் பட்டு கொடுப்பது தாமதமாகிறது. சேலையில் யாதொரு குறையும் இல்லை, சொல்லில்தான் குறை. அதன் சுமையோ தறியில் உட்கார்ந்திருப்பவர் தலையில் விழுகிறது.

சொல்லும் அதன் எல்லையும்

சொல்லேட்டின் முதற்பகுதி மூன்று பத்திகளாக அமைய வேண்டும்: சொல்; அதை எப்போது சொல்லலாம்; அதற்குச் சான்று எங்கே உள்ளது. மேற்கண்ட சேலைக்கு நான்கு சொற்களை மட்டும் எடுத்துப் பார்ப்போம்.

‘பட்டு’: மத்தியப் பட்டு வாரியத்தின் முயற்சியால் 2004-இல் தோன்றிய சில்க் மார்க் முத்திரை, இழை இயற்கைப் பட்டு என்பதற்குச் சான்று. அது ஜரிகையைப் பற்றியோ தறியைப் பற்றியோ எதுவும் கூறுவதில்லை. எனவே அம்முத்திரையைக் காட்டி ‘எல்லாம் அசல்’ என்று சொல்லலாகாது.

‘கைத்தறி’: 1985-ஆம் ஆண்டின் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டப்படி விசைத்தறி அல்லாத தறி கைத்தறியாகும். ஜக்கார்டு பூட்டியிருப்பினும் கையாலும் காலாலும் இயங்குவது கைத்தறியே. சான்று, நெசவாளர் பெயரும் தறி எண்ணும் கொண்ட சங்கப் பதிவேடு. 2006-இல் வந்த கைத்தறி முத்திரை தறிக்கு மட்டுமே சான்று; பட்டுக்கு அன்று.

‘ஜரிகை’: தகராறு மிகுதியாக எழுவது இச்சொல்லில்தான். ‘அசல்’, ‘ஒரிஜினல்’ என்ற சொற்களைச் சொல்லேட்டில் விலக்கிவிட வேண்டும். அவற்றுக்கு ஆளுக்கொரு பொருள் உண்டு. பட்டு நூலின்மேல் வெள்ளித் தகடு சுற்றிப் பொன்முலாம் பூசியதாயின் ‘வெள்ளி ஜரிகை’ என்று எழுதி, சோதனைச் சீட்டிலுள்ள வெள்ளி விகிதத்தையும் சேர்க்க வேண்டும். செம்பின்மேல் வெள்ளி பூசியதாயின் ‘செம்பு ஜரிகை, வெள்ளிப் பூச்சு’ என்றே எழுத வேண்டும். விலை குறைவாயிருப்பதன் காரணமும் அதிலேயே விளங்கிவிடும்.

‘ஆரணிப் பட்டு’: ஆரணிப் பட்டும் காஞ்சிபுரம் பட்டும் 1999-ஆம் ஆண்டின் புவிசார் குறியீட்டுச் சட்டத்தின்கீழ்த் தனித்தனியே பதிவானவை. ஒன்றன் பெயரை மற்றொன்றுக்கு இடுதல் கூடாது. பதிவான குறியீட்டைச் சீட்டில் பொறிக்க, சங்கம் ‘அங்கீகரிக்கப்பட்ட பயனாளர்’ எனப் பதிவு பெற்றிருத்தல் வேண்டும். ஆரணியில் இருப்பது மட்டும் போதாது.

நெல் விளைவிக்கும் சங்கத்தாரும் இம்முறையைக் கொள்ளலாம். ‘பழைய அரிசி’ என்பது ஒரு கடையில் ஆறு மாதம், மற்றொன்றில் ஓராண்டு. எத்தனை மாதம் வைத்திருந்தது என்று எழுதினால் ஐயம் தீர்ந்தது.

குரல்

சொற்பட்டியல் முடிந்த பின்னரே குரலைப் பற்றி எழுத வேண்டும். ‘அன்பாக, நம்பிக்கையூட்டும் வகையில் எழுதுக’ என்று எழுதினால் எவருக்கும் பயனில்லை. அன்பு எது என்பதில் எழுத்தருக்கும் விளம்பர நிறுவனத்தாருக்கும் ஒருமை வராது. மாறாக, தவறான வாக்கியத்தையும் சரியான வாக்கியத்தையும் பக்கத்தில் பக்கமாக எழுதிக் காட்ட வேண்டும்.

விலக்குக: ‘உலகப் புகழ்பெற்ற ஈடு இணையற்ற பட்டு! சாயமே போகாது!’

எழுதுக: ‘ஆரணியில் கைத்தறியில் நெய்தது. எடை குறைவு, நாள் முழுதும் உடுத்தலாம். முதலில் உலர்சலவைக்குக் கொடுங்கள்.’

இரண்டாவதில் வாங்குபவரை ‘நீங்கள்’ என்று மரியாதையாக விளிக்கிறோம். காட்டக்கூடியதை மட்டும் சொல்கிறோம். காப்பாற்ற இயலாத வாக்கைக் கொடுக்கவில்லை. இவ்வாறான ஐந்தாறு இணைகள் போதும்.

எதைக் கட்டுவது, எதை விடுவது

எல்லாவற்றையும் கட்டிவிட்டால் விளம்பரம் உயிரற்றுப் போகும் என்பர். இதற்குக் கூட்டுறவிலேயே நல்ல உதாரணம் உண்டு. குஜராத்தில் 1946-இல் தோன்றிய கெய்ரா மாவட்டப் பால் உற்பத்தியாளர் சங்கத்தின் ‘அமுல்’ வெண்ணெய்க்கு, 1966 முதல் பம்பாயின் டகூன்ஹா குழுவினர் விளம்பரம் அமைத்தனர். புள்ளிச் சட்டை அணிந்த சிறுமியின் உருவமும், அன்றாடச் செய்தியைச் சிலேடையாகச் சொல்லும் முறையும், முடிவில் வெண்ணெயைச் சுட்டுவதும் மாறவில்லை. எந்தச் செய்தியை எடுப்பது, எப்படிச் சொல்வது என்பது நிறுவனத்தார் விருப்பம். ஒவ்வொன்றையும் முன்கூட்டிக் காட்டி ஒப்புதல் பெற வேண்டியதில்லை என்று வர்கீஸ் குரியன் விட்டுவிட்டார்.

நமக்கும் இதுவே வழி. சரக்கின் பெயர், இழை, ஜரிகை, தறி, ஊர் ஆகிய ஐந்தும் மாற்றக்கூடாதவை. படம், நிறம், பண்டிகைக்கேற்ற வாசகம் ஆகியவை நிறுவனத்தார் பொறுப்பு. இவ்வரியை அவர்களுடன் செய்யும் ஒப்பந்தத்திலேயே சேர்த்து, சொல்லேட்டை இணைப்பாக வைக்க வேண்டும். ஐந்தில் ஒன்றை மாற்ற வேண்டின் நிர்வாகக் குழு பெயர் குறித்த ஒருவரிடம் மட்டும் கேட்க வேண்டும். இருவரிடம் கேட்கலாம் என்றால் இரண்டு விடை வரும்.

சோதிக்கும் முறை

சொல்லேடு இரண்டு பக்கத்துக்கு மேற்படின் விற்பனை நிலையத்தில் எவரும் புரட்டார். எழுதிய பின், ஒரு சேலையை எழுத்தர், விற்பனையாளர், அரங்கினர், விளம்பர நிறுவனத்தார் ஆகிய நால்வரிடமும் கொடுத்து, தனித்தனியே மூன்று வரி எழுதச் சொல்லுங்கள். மேற்சொன்ன ஐந்தையும் அடிக்கோடிட்டு ஒப்பிடுங்கள். ஒருவர் மட்டும் மாறினால் அவருக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும். இருவர் மூவர் மாறினால் ஏட்டின் வாசகமே தெளிவில்லை என்று பொருள். ஜரிகை வகை மாறும்போதும் புதிய ரகம் வரும்போதும் தேதியிட்ட புதுப் பிரதி கொடுத்து, பழையதைத் திரும்பப் பெற வேண்டும். பழைய பிரதி அரங்கில் தங்கிவிட்டால் பிழை மீண்டும் நுழையும்.

சொல்லேடு குறையுள்ள சரக்கை நல்ல சரக்காக்காது. கொள்முதலின்போதே ஜரிகை சோதிக்கப்படவில்லையெனில் மூன்றாம் பத்தி காலியாக நிற்கும். அவ்வாறு நின்றால், சான்று வரும்வரை அச்சொல்லை எவரும் சொல்லாதிருத்தலே முறை.

வினாக்கள்

1. உங்கள் சங்கச் சீட்டிலுள்ள சொற்களில் சான்று காட்ட முடியாதவை எவை?
2. சில்க் மார்க், கைத்தறி முத்திரை ஆகிய ஒவ்வொன்றும் எதற்குச் சான்று, எதற்குச் சான்று அன்று?
3. உங்கள் சங்கம் அனுப்பிய கடைசி மூன்று விளம்பரங்களில் ஜரிகையின் பெயர் ஒன்றாக உள்ளதா?